இரவு ஷிப்டில் ஓர் ஒருசந்தி

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கும் கத்தோலிக்கர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 35. நோய்நொடி இல்லாதவர். செவ்வாய் இரவு 10 மணிக்கு உள்ளே போகிறார். சாப்பாட்டு இடைவேளை நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. அன்றைக்கு கேன்டீனில் சிக்கன் குழம்பு. விடிந்தால் திருநீற்றுப் புதன். மாலைத் திருப்பலிக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட பிறகுதான் தவக்காலம் ஆரம்பம், அதுவரை கணக்கில்லை என்று அவர் நினைத்துக்கொண்டால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவு வரை ஓடும் 24 மணி நேரம். ஆக, மணி 12 அடித்ததுமே அவருக்கு ஒருசந்தியும் சுத்தபோசனமும் தொடங்கிவிட்டன. ஒன்றரை மணிச் சிக்கன் குழம்பு புதன்கிழமைக் கணக்கில் விழுகிறது.

தவக்காலம் என்றதும் நாற்பது நாளும் பட்டினி கிடப்பார்கள் போலிருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் நினைப்பதுண்டு. கத்தோலிக்கர்களிலேயே பலருக்கு எது கட்டளை, எது வீட்டு வழக்கம், எது தானாக எடுத்துக்கொண்ட நேர்ச்சை என்பது குழம்பித்தான் கிடக்கிறது. கட்டளையின் அளவு வியப்பூட்டும்படி சிறியது. 2027-ஆம் ஆண்டை வைத்துப் பார்க்கலாம். திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, பெரிய வெள்ளி மார்ச் 26, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. புதன் முதல் பெரிய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் மிச்சம் நாற்பது. இத்தனை நாளில் ஒருசந்தி கட்டாயமாவது இரண்டே நாள்தான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் அந்த இரண்டு நாளிலும் உண்டு, தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளிலும் உண்டு.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1917-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதும் ஒருசந்திதான். ஒரு வேளை முழுச் சாப்பாடு. காலையில் இரண்டு அவுன்ஸ், இரவில் எட்டு அவுன்ஸ் என்று அந்தக் காலத்து ஒழுக்கவியல் நூல்கள் சிற்றுண்டியை நிறுத்துக்கூடப் பார்த்தன. இன்றைய கணக்கில் காலைக்கு ஏறக்குறைய 60 கிராம், இரவுக்கு 225 கிராம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரியில் வெளியிட்ட 'பெனித்தேமினி' என்ற ஆணை இந்தத் தராசை எடுத்து ஓரமாக வைத்துவிட்டது. ஒருசந்தி நாளில் முழுச் சாப்பாடு ஒரு தடவை. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஏதாவது சாப்பிடத் தடையில்லை. எவ்வளவு, என்ன என்பதில் அந்தந்த ஊர் வழக்கத்தைப் பின்பற்றலாம். இன்று நடைமுறையில் இருக்கும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதற்கு அமெரிக்க ஆயர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சிறு உணவுகளையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவு வந்துவிடக் கூடாது. நம் ஊர்த் தட்டுக்கும் இது பொருந்தும். வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுபவர் காலையில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். மதியம் சோறு, சாம்பார், கூட்டு, மோர் என்று முழுச் சாப்பாடு. இரவில் ஒரு தோசை. நடுவில் எதுவும் கிடையாது. ஒருசந்தியின் உண்மையான பிடி இந்த நடுவில்தான் இருக்கிறது. நான்கு மணிக்கு மேசைக்கு வரும் முறுக்கு, யாரோ பிறந்தநாள் என்று நீட்டும் கேக், டீயோடு கைக்கு வரும் பிஸ்கட் என்று அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வாய் அசைகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

காபி, டீ, பால், பழச்சாறு போன்ற பானங்கள் ஒருசந்தியை முறிக்காது என்பது நெடுநாள் மரபு. தண்ணீரைப் பற்றிக் கேள்வியே இல்லை. இது தெரியாமல் காபியையும் சேர்த்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தினமும் இரண்டு மூன்று டம்ளர் காபி குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரம் தாண்டியதும் தலைவலியைக் கிளப்பும். முற்பகல் மீட்டிங்கில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், பசிதான் இப்படிப் படுத்துகிறது என்று நினைப்பார். பெரும்பாலும் அது காபி இல்லாத வலி. தவமாகவே காபியை விடுவதென்றால் விடலாம். முந்தின வாரமே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

இனி ஒரகடம் நண்பரின் புதன்கிழமை. ஒன்றரை மணிக்குக் குழம்பை ஒதுக்கிவிட்டு இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பருப்பு. இது முதல் சிறு உணவு. ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர்கிறார். மற்ற நாளென்றால் டிபன் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். இன்று ஒரு காபியோடு சரி. மதியம் இரண்டு மணிக்கு எழுந்ததும் முழுச் சாப்பாடு. மாலைத் திருப்பலி, சாம்பல். எட்டரைக்குக் கிளம்பும் முன் இரண்டு இட்லி. பத்து மணிக்கு மறுபடி ஷிப்ட். பன்னிரண்டு அடித்ததும் ஒருசந்தி முடிந்தது. ஒன்றரைக்கு கேன்டீனில் என்ன போட்டாலும் அது வியாழக்கிழமைச் சாப்பாடு.

இதையே மாற்றிப் போட்டுக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. இரவு முழுக்க நின்றபடி வேலை என்றால் ஒன்றரை மணிச் சாப்பாட்டையே முழுச் சாப்பாடாக வைத்துக்கொண்டு மதியத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். முழுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று இன்றைய சட்டம் நேரம் குறிக்கவில்லை. ஒரு காலத்தில் குறித்தது. தொடக்க நூற்றாண்டுகளில் சூரியன் சாயும்வரை எதுவும் உண்ணாமல் இருந்தார்கள். பிறகு அது பிற்பகல் மூன்று மணிக்கு நகர்ந்து, இடைக்காலத்தின் பிற்பகுதியில் நண்பகலுக்கு வந்து சேர்ந்தது. சாப்பாடு இப்படி முன்னால் வந்துவிட்டதால்தான் இரவுப் பசிக்கென்று சிற்றுண்டி உள்ளே நுழைந்தது. உழைக்கிறவர்களின் வயிற்றுக்குத் திருச்சபை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்த கதை இது.

சுத்தபோசனத்தில் சிக்கல் வேறு மாதிரி. ஆடு, மாடு, பன்றி, கோழி, வாத்து எல்லாமே இறைச்சி. கோழிக்குச் சலுகை கிடையாது. மீன், இறால், நண்டு, கணவாய் ஆகலாம். முட்டை, பால், நெய், தயிர் ஆகலாம். அதனால் அலுவலகத்துக்குக் கீழே உள்ள பேக்கரியில் எக் பஃப்ஸ் வாங்கலாம், சிக்கன் பஃப்ஸ் வாங்கக் கூடாது. இதுவரை எளிது. கஷ்டம் குஸ்காவில் ஆரம்பிக்கிறது. மட்டன் பிரியாணி அண்டாவிலிருந்து துண்டில்லாமல் அள்ளிப்போட்ட சோறு அது. பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவும் அதே இனம். துண்டு தட்டில் இருக்காது, எலும்புச் சாறு இருக்கும்.

1917-ஆம் ஆண்டுச் சட்டம் இறைச்சியோடு இறைச்சிச் சாற்றையும் பெயர் சொல்லி விலக்கியிருந்தது. 1966-ஆம் ஆண்டு ஆணை இறைச்சியை மட்டும் சொல்லிவிட்டு, முட்டை, பால்பொருள், விலங்குக் கொழுப்பில் செய்த தாளிதப் பொருள்கள் ஆகியவற்றுக்குத் தடையில்லை என்றது. ஆகவே எழுத்தளவில் பார்த்தால் சூப்பும் சால்னாவும் தப்பித்துவிடும் என்று அமெரிக்க ஆயர்களின் விளக்கமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இறைச்சியின் ருசியுள்ளதையும் விலக்குவதே நல்லது என்பதுதான் ஒழுக்கவியலாரின் பழைய போதனை என்றும் அதே விளக்கம் சேர்த்துச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் குஸ்கா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு சட்டப்பிரிவு பேசுகிறவரைப் பக்கத்துப் பெஞ்சுக்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

மீன் அனுமதியைச் சில நாடுகள் இழுத்த தூரம் வேடிக்கையானது. வெனிசுவேலாவில் கேப்பிபாரா என்ற பெரிய நீர்வாழ் கொறிவிலங்கைத் தவக்காலத்தில் உண்பது நீண்டநாள் வழக்கம். முதலையை உண்ணலாமா என்று கேட்டவருக்கு, அது மீன் வகையைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படுகிறது என்று 2010-இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரெகரி ஏமண்ட் எழுதிக் கொடுத்தார். நம் கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்குச் சிக்கல் நேர் எதிரானது. தூத்துக்குடியிலும் குமரி மாவட்டக் கடலோர ஊர்களிலும் மீன்தான் அன்றாடச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி வேண்டாம், நெத்திலிக் குழம்பு போதும் என்றால் அங்கே அது தவம் ஆகாது. பிறவியிலிருந்தே சைவமாக இருக்கிற கத்தோலிக்கருக்கும் இதே நிலைதான். இறைச்சிக்குப் பதிலாக வேறோர் உணவை விலக்கும்படி குறிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு உண்டு என்று சட்டமே இடம் விட்டிருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கர்களின் வழக்கம் சட்டத்தைவிடக் கனமானதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்பது நாளும் மீன், முட்டை உட்பட எதையும் தொடாமல் முழுச் சைவமாகவே இருக்கும் வீடுகள் ஏராளம். பெரிய வெள்ளியன்று மூன்று மணி வழிபாடு முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கும் பாட்டிகளும் உண்டு. பங்குகள் பலவற்றில் அன்று கஞ்சி ஊற்றுவார்கள். கேரளத்தில் பெரிய வெள்ளியன்று கசப்பு நீர் குடிக்கும் வழக்கம் உண்டு. அங்குள்ள சீரோ மலபார் சபைக்குக் கீழைச் சபைகளுக்கான தனிச் சட்டம் இருப்பதால் அவர்கள் நோன்பு புதனுக்குக் காத்திராமல் திங்கட்கிழமையே தொடங்கி, 'அம்பது நோம்பு' என்ற பெயரில் நடக்கிறது. இந்த வழக்கங்களுக்கெல்லாம் மதிப்பு உண்டு. ஆனால் நாற்பது நாள் சைவத்தில் இருபதாம் நாள் ஒரு முட்டை உள்ளே போய்விட்டதற்காகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கண்கலங்குகிறவர், கட்டளை எதையும் மீறவில்லை. தானாக எடுத்துக்கொண்ட முடிவு நழுவிவிட்டது, அவ்வளவுதான். சிகரெட், மது, ஃபோனில் ரீல்ஸ் என்று மனதுக்குள் விட்டுக்கொண்டவையும் இந்த வகை. அதே ஆள் வெள்ளிக்கிழமை டீம் லஞ்சில் வெட்கத்துக்காகச் சிக்கனை எடுத்துக்கொண்டால், சட்டம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். மறதியாகத் தின்றுவிட்டால் வேறு. நினைவு வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் போதும்.

யாருக்கெல்லாம் இது கட்டும் என்பதில் வயதுக் கணக்கு இருக்கிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. மேல் எல்லை கிடையாது, தொண்ணூறு வயதிலும் உண்டு. ஒருசந்தி 18 நிறைந்தது முதல் அறுபதாம் ஆண்டு தொடங்கும்வரை. அறுபதாம் ஆண்டு என்பது 59-ஆவது பிறந்தநாள் கழிந்ததும் தொடங்கிவிடும். பலர் இதை 60 என்று வாசித்துவிட்டுக் கூடுதலாக ஒரு வருடம் ஒருசந்தி இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். ஆக, பணியில் இருக்கும் கடைசி ஆண்டில் அவருக்கு ஒருசந்திக் கடமை இல்லை. அதற்கு முன்னால் உள்ள பணிக்காலம் முழுவதும் உண்டு.

உடலுழைப்பு இங்கேதான் குறுக்கே வருகிறது. பிப்ரவரி, மார்ச் வெயிலில் உப்பளத்தில் வாருகிறவர், மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலையில் சித்தாளாக நிற்பவர் ஆகியோரிடம் தேவைக்குக் குறைவாக உண்டுவிட்டு அதே வேலையைச் செய்யச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவரும் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என் பசியால் இன்னொருவருக்கு ஆபத்து வருமா என்பது. வருமென்றால் சாப்பிடுவதுதான் அன்றைய கடமை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கடின உழைப்பு ஒருசந்தியைத் தளர்த்துமே தவிர, பொதுவாகச் சுத்தபோசனத்தைத் தளர்த்தாது. மூட்டை தூக்குகிறவர் புதன்கிழமை மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடலாம், கறி இல்லாமல்.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலைக்குப் போகும் நடுவயதுக்காரர்கள் மத்தியில் அடிக்கடி தவறு நடப்பது இங்கேதான். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போல இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருந்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டை மட்டும் விட்டால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஒருசந்தி முறிந்துவிடுமே என்று தயங்க இடமே இல்லை. நோய் இருப்பதால் அவருக்கு ஒருசந்திக் கடமையே முதலில் கிடையாது. மருந்தைத் தானாக நிறுத்திவிட்டுப் பட்டினி இருப்பது அதைவிட மோசம்.

சந்தேகமான நிலையில் பங்குத்தந்தையைக் கேட்பது வெறும் மரியாதைக்காக அல்ல. தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட ஒருவருக்கு அந்த நாளின் கடமையிலிருந்து விலக்குக் கொடுக்கவோ, அதை வேறொரு பக்திச் செயலாக மாற்றித் தரவோ அவருக்குச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது. "சாமி, வெள்ளிக்கிழமை கம்பெனி விருந்து, தப்பிக்க முடியாது" என்று முன்கூட்டியே சொன்னால், அன்றைக்குப் பதிலாகச் சிலுவைப்பாதை செய்யும்படியோ ஏழை ஒருவருக்குச் சாப்பாடு போடும்படியோ அவர் சொல்லலாம். கறி விலக்கிய காசு வீட்டு மண் உண்டியலுக்குப் போவதும் இந்தக் கணக்கில்தான் வரும். மட்டனை விட்டுவிட்டு அதைவிட விலை கூடிய வஞ்சிரம் வாங்கினால் உண்டியலில் போட ஒன்றும் மிஞ்சாது.

2026-இலும் 2027-இலும் ரமலானும் தவக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அப்படிப்பட்ட ஆண்டுகளில் அலுவலகத்து இஸ்லாமிய நண்பர் வெள்ளிக்கிழமை மாலை தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். தமிழ்நாட்டு நோன்புக் கஞ்சியில் பல வீடுகளில் கொத்துக்கறி சேரும். விருந்தோம்புகிறவரின் மனம் புண்படாமல் மறுக்க வழியே இல்லையென்றால் விருந்தாளிக்கு விலக்கு உண்டு என்பது அமெரிக்க ஆயர்களின் விளக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது. "பாய், இன்னைக்கு எங்களுக்கும் நோன்பு, கறி ஆகாது" என்று சொன்னால், நாளெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு வந்திருக்கும் அந்த மனிதரைவிட அதை வேகமாகப் புரிந்துகொள்கிறவர் அந்த அலுவலகத்தில் இருக்கமாட்டார். அடுத்த வாரம் கறி போடாத கஞ்சி தனியாக வரவும் கூடும்.

2027-இல் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா அந்த ஆண்டு வெள்ளிக்கிழமையில் வருகிறது. பெருவிழாவும் வெள்ளியும் ஒன்றாக வந்தால் சுத்தபோசனம் இல்லை என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆக அந்த ஆண்டில் பெரிய வெள்ளியையும் சேர்த்து ஆறு வெள்ளி, ஒரு புதன் என்று மொத்தம் ஏழு நாள்தான் கணக்கு. உழைப்பாளிகளின் பாதுகாவலர் திருநாளில் ஒரகடம் நண்பர் கேன்டீனில் தாராளமாகச் சிக்கன் வாங்கலாம். நாற்பது நாளும் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கும் வீட்டில் அன்றைக்கு அவர் அதைக் கேட்டுப் பார்த்தால் கிடைக்குமா என்பது, சட்டப் புத்தகம் பதில் சொல்லாத கேள்வி.